பள்ளி திறப்பு செட்: படத்தில் லிஸ்ட், படத்துக்குக் கீழே விலை

நம் குழுக்களில் உள்கடன் வாங்கிப் பெட்டிக்கடையோடு சேர்த்து நோட்டு, பேனா விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருஷத்தில் பெரிய வியாபாரம் பள்ளி திறக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான். இப்போது எல்லோரும் "ஸ்கூல் செட்" என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு, அதற்குக் கீழே விலை எழுதி அனுப்புகிறோம். அந்தச் செய்தியை எப்படிப் போட்டால் வியாபாரமும் ஆகும், கையும் கடிக்காது என்று பார்ப்போம்.

முதலில் விலை. பலர் எல்லாவற்றின் விலையையும் கூட்டிவிட்டு, "பத்து பர்சன்ட் குறைச்சுடலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே நான் எடுத்திருக்கும் விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் மொத்தக்கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு முழு செட் என்று வைப்போம். பெரிய நோட்டு 6, ரஃப் நோட்டு 1, கிராப் நோட்டு 1, பிரவுன் அட்டை ரோல் 1, லேபிள் ஒரு பாக்கெட், பேனா 3, பென்சில் 2, ரப்பரும் ஷார்ப்னரும். தனித்தனியாக விற்றால் பெரிய நோட்டு 300 ரூபாய், ரஃப் நோட்டு 40, கிராப் 20, அட்டை ரோல் 60, லேபிள் 10, பேனா 30, பென்சில் 10, ரப்பர் ஷார்ப்னர் 10. மொத்தம் 480 ரூபாய். இதையே நாம் மொத்தக்கடையில் வாங்கியது 355 ரூபாய். பஸ்ஸில் மூட்டை ஏற்றிய கூலி, கட்டிக் கொடுக்கும் பை என்று ஒரு செட்டுக்கு 10 ரூபாய் போட்டால் 365. ஆக, தனித்தனியாக விற்றால் கையில் நிற்பது 115 ரூபாய்.

பத்து பர்சன்ட் குறைத்தால் 48 ரூபாய் போகிறது. அது 480-இலிருந்து போவதாகத் தெரியும், ஆனால் போவது நம்முடைய 115-இலிருந்து. லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது! 440 ரூபாய் என்று வைத்தால் வாங்குகிறவருக்கு 40 ரூபாய் மிச்சம், நமக்கு 75 ரூபாய் நிற்கும். உள்கடன் வட்டியும் அந்த 75-இல்தான் கட்டவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எந்தப் பொருளுக்கும் அட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே அந்த விலைகளைக் கூட்டித்தான் "தனித்தனியாக" என்று போடவேண்டும். சிலர் மிச்சத்தைப் பெரிதாகக் காட்ட அதை உயர்த்தி எழுதுகிறார்கள். பார்க்கிற அம்மாமார் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கொள்முதலில் ஒன்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மொத்தக்கடை பில்லில் இதற்கெல்லாம் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

எல்லோருக்கும் முழு செட் தேவைப்படாது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடநூலும் நோட்டும் அரசே கொடுக்கிறது. தனியார் பள்ளிகளில் சிலது நோட்டைப் பள்ளியிலேயே விற்றுவிடுகிறது. இந்த வீடுகளுக்குப் பெரிய நோட்டும் கிராப் நோட்டும் இல்லாத சின்ன செட் ஒன்று போடுங்கள். மேலே சொன்ன விலையில் அது தனித்தனியாக 160 ரூபாய் வரும். வாங்கியது 113, பையும் கூலியும் 5. செட் 150 என்று வைத்தால் 32 ரூபாய் நிற்கும். நம் கிராமங்களில் இதுதான் அதிகம் போகும் என்பது என் அபிப்பிராயம். பெரிய நோட்டை நம்பிக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கிவிட்டு, ஜூலையில் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் உள்ள பள்ளி ஒவ்வொன்றிலும் போன வருஷம் படித்த ஒரு பிள்ளையிடம், எத்தனை நோட்டு, எத்தனை பக்கம், கோடு போட்டதா போடாததா, என்ன நிற அட்டை என்று மே மாதமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி செய்தி. வாட்ஸ்அப்பில் படம் போட்டு அதற்குக் கீழே எழுதுகிறோம் அல்லவா, வாங்குகிறவர் அந்தப் படத்தை போனில் சேமித்தால் படம் மட்டும்தான் கேலரிக்குப் போகும். கீழே எழுதிய வரிகள் போகாது. இதைத் தெரிந்துகொண்டால் எதை எங்கே எழுதுவது என்பது தானே விளங்கிவிடும். மாறாதது படத்தில், மாறுவது கீழே. என்னென்ன வாங்கணும் என்கிற லிஸ்ட் ஜூன் முழுக்க மாறாது, அது படத்தில் இருக்கட்டும். விலை மாறும், அது கீழே தேதியோடு இருக்கட்டும். நம் பக்கத்துக் கடை ஒன்றில் விலையையும் படத்திலேயே எழுதி, தேதி போடாமல் அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் மொத்தக்கடை விலை ஏறின பிறகும் படத்தைக் காட்டி, "நீங்கதானே போட்டீங்க?" என்று கேட்டு வந்தார்கள். தெரிந்த முகம், மறுக்க முடியாமல் கொடுத்தார்கள்.

லிஸ்டை ஒரு வெள்ளைத் தாளில் நெடுக்காக, மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிக் போட ஒரு கட்டம். பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் எடுத்து, உங்கள் போனிலேயே திறந்து கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்கவேண்டி வந்தால் எழுத்து சிறிது. பதினைந்து வரிக்கு மேல் வேண்டாம்.

நாம் விற்கும் பொருளை மட்டும் எழுதினால் அது விளம்பரம், யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். செருப்பு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் சேருங்கள். "போன வருஷத்து ஜாமெட்ரி பாக்ஸ் நல்லா இருக்கா?", "பையில் ஜிப் வேலை செய்யுதா?" என்றும் இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் இருப்பதை டிக் செய்துவிட்டு, இல்லாததற்குத்தான் கடைக்கு வருவார்கள். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் விற்காமல் போகலாம், போகட்டும். லிஸ்டின் அடியில் கடை பெயரும் போன் நம்பரும் மட்டும் போதும்.

படத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்:

"6, 7, 8-ஆம் வகுப்பு முழு செட் ரூ.440 (தனித்தனியாக ரூ.480)
சின்ன செட் ரூ.150 (தனித்தனியாக ரூ.160)
ஜூன் 15 வரை, ஸ்டாக் உள்ளவரை.
முழு செட்: பெரிய நோட்டு 6, ரஃப் 1, கிராப் 1, அட்டை ரோல் 1, லேபிள், பேனா 3, பென்சில் 2, ரப்பர், ஷார்ப்னர்.
சின்ன செட்: பெரிய நோட்டு, கிராப் இல்லாமல் மற்றவை எல்லாம்.
செட்டைப் பிரித்துத் தருவதில்லை. தனியாகவும் கிடைக்கும்.
படத்தில் உள்ள லிஸ்டைப் போனில் சேமித்து வையுங்கள்.
பஸ் ஸ்டாப் எதிரில். காலை 7 முதல் இரவு 9 வரை."

விலையை முதல் வரியிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. எழுத்து நீளமானால் வாட்ஸ்அப் முதல் சில வரியை மட்டும் காட்டி மீதியை மடித்துவிடும். "பிரித்துத் தருவதில்லை" என்கிற வரியும் அவசியம். அட்டை ரோல் வேண்டாம், 60 ரூபாய் கழியுங்கள் என்று கேட்பார்கள். அதை நாம் வாங்கியது 40. 440-இல் 60 கழித்தால் 380, நம் செலவு 325, நிற்பது 75-க்குப் பதில் 55. அப்படிக் கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் தனி விலையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது தெரியவும் செய்யும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினாலும் இதே கதைதான். ஆகவே மே மாதம் கடைக்கு வருகிறவர்களிடமே, "நம்பரைப் பதிஞ்சு வைங்கக்கா, ஸ்கூல் லிஸ்ட் அனுப்பறேன்" என்று சொல்லிவிடுங்கள். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முறை, திறப்பதற்கு முதல் சனிக்கிழமை ஒரு முறை அனுப்பினால் போதும். ஜூன் 15 அன்று இரவு, "செட் விலை இன்றோடு முடிந்தது, இனி தனி விலை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.