மேல் ராடு சிவக்கிறது, கீழ் ராடு சிவக்கவில்லையா?

கேக்கின் மேல்பக்கம் கருகியிருக்கும். கத்தியை அடிவரை விட்டு எடுத்தால் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வரும். ஓடிஜி அடுப்பில் இப்படி நேர்ந்தால் மாவின் பதத்தையோ முட்டையையோ குறை சொல்வதற்கு முன், கண்ணாடிக் கதவு வழியே கீழ் ராடைப் பாருங்கள். எங்கள் தெருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அக்கா ஒருவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். "தம்பி, மேல ரெண்டு ராடும் நல்லா செவக்குது, கீழ ரெண்டும் அப்படியே பச்சத் தண்ணியா கிடக்குது" என்றார். பழுது பார்க்க வந்தவர் அடுப்பைத் திறக்காமலேயே "கீழ் ராடு போயிடுச்சு, ரெண்டையும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கீழ் ராடு சூடாகவில்லை என்றால் அது அறுந்துதான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் புது ராடு வாங்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில், ராடு உண்மையிலேயே குளிர்ந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலக்டர் குமிழ் மேல் ராடு மட்டும் என்ற குறியில் நின்றாலும் இதே காட்சிதான் தெரியும். சில அடுப்புகளில் கீழ் ராடு சிவக்காமலேயே சுடும். எனவே குமிழைக் கீழ் ராடு மட்டும் என்ற குறிக்குத் திருப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எதையும் தொடாமல் கதவருகே கையை நீட்டிப் பாருங்கள். அனல் துளியும் இல்லையென்றால் பழுது உறுதி.

மேல் ராடு எரிவதே நமக்குப் பெரிய துப்பு. பிளக், ஒயர், டைமர், தெர்மோஸ்டாட் வழியாக மின்சாரம் செலக்டர் வரை வந்துவிட்டது என்று அது சொல்கிறது. செலக்டரில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆகவே பழுது அங்கிருந்து கீழ் ராடு வரையிலோ, ராடிலிருந்து நியூட்ரலுக்குத் திரும்பும் வழியிலோதான் இருக்க முடியும். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட் உள்ள மாடல் என்றால் கீழ்ப்பக்கத்துக்கு உரியதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

அடுப்பைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சுவரில் பேஸும் நியூட்ரலும் மாறி இணைக்கப்பட்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். ராடு நன்றாக ஆறட்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நான் பேசுவது ராடு மட்டுமே உள்ள ஓடிஜி பற்றி. மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

அக்காவின் அடுப்பு 1600 வாட், நான்கு ராடுகள். மேலே 800, கீழே 800. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் கீழ் ராடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு சிறு இணைப்பு ஒயர் போவது தெரிந்தது. இரண்டும் தொடர் இணைப்பில் இருந்தன. விழாக்கால சீரியல் விளக்கைப் போல, அதில் ஒன்று அறுந்தால் இரண்டும் அணைந்துவிடும். ஆகவே இரண்டு ராடும் குளிர்ந்து கிடப்பதால் இரண்டும் கெட்டுவிட்டன என்று சொல்ல முடியாது. இணை இணைப்பில் இருக்கும் அடுப்பில் கதை வேறு. அங்கே இரண்டும் ஒரே நாளில் அறுந்துபோவது அபூர்வம் என்பதால் முதல் சந்தேகம் ஒயர் மீதும் செலக்டர் மீதும்தான் விழ வேண்டும்.

இனி மீட்டர். பலரும் 'பீப்' ஒலி வரும் நிலையில் வைத்து ராடைச் சோதித்து, ஒலி வரவில்லை என்றதும் ராடு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இது தவறான முடிவு. பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம்களுக்குக் கீழே இருந்தால்தான் ஒலிக்கும். மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, வாட்டால் வகுக்க வேண்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி 800-ஆல் வகுத்தால் 66 ஓம். நல்ல நிலையில் உள்ள அந்த ராடு ஜோடிக்கும் மீட்டர் ஒலிக்காமல் போகலாம். எனவே மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும்.

அளக்கும் முன் ராடின் ஒரு முனையிலாவது ஒயரைக் கழற்றிவிடுங்கள். செலக்டர் இரண்டு ராடும் என்ற குறியில் நின்றால், மீட்டரின் மின்னோட்டம் கீழ் ராடைச் சுற்றிக்கொண்டு மேல் ராடு வழியாகப் போய்விடும். அறுந்த ராடும் நல்ல ராடு போல எண் காட்டும்.

ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தபோது அக்காவின் ராடுகள் 31, 32 ஓம் காட்டின. சேர்த்து 63. குளிர்ந்த நிலையில் மின்தடை சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால் இது சரியான அளவு. அறுந்திருந்தால் மீட்டர் 'OL' அல்லது வெறும் '1' என்று காட்டியிருக்கும். மாற்றச் சொன்ன இரண்டு ராடுமே நன்றாகத்தான் இருந்தன.

அடுத்தது ஒயர். செலக்டர் முனையிலிருந்து ராடு முனை வரை மீட்டரை வைத்தால் ஒலிக்க வேண்டும், எண் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். இங்கே 0.5 ஓம் காட்டியது. பார்த்தால் குறையில்லை. ஆனால் மீட்டரை வைத்தபடியே ஒயரை மெல்ல அசைத்ததும் எண் எகிறி 'OL' ஆனது. செலக்டரில் செருகியிருந்த லக்கை உருவிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகக் கரிந்து, ஒயரின் இழைகளில் ஒன்றிரண்டுதான் மிச்சம். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஓர் இழை இருந்தாலும் அது கடந்துவிடும். கீழ் ராடுகளுக்கோ மூன்றரை ஆம்பியர் வேண்டும். அதனால்தான் மீட்டர் சரி என்று சொன்னாலும் கண்ணால் பார்ப்பதையும் ஒயரை அசைத்துப் பார்ப்பதையும் விடக் கூடாது. கடைசியாகச் செலக்டர்: குமிழைக் கீழ் ராடு குறியில் வைத்து, உள்ளே வரும் முனைக்கும் கீழ் ராடுக்குப் போகும் முனைக்கும் இடையே அளந்தால் அதுவும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

லக் தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். அந்தச் சூட்டில் செலக்டரின் முனையும் நிறம் மாறியிருந்ததால் செலக்டரையும் மாற்றி, கரிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புது லக் அழுத்திப் பொருத்தினோம். இந்த இடத்தில் ஈயப் பற்று வைக்கக் கூடாது. அடுப்பின் சூட்டில் உருகிவிடும். வீட்டு வயரிங்குக்கான பி.வி.சி. ஒயரும் இன்சுலேஷன் டேப்பும் உதவாது. கண்ணாடி இழை உறையோ சிலிக்கான் உறையோ போட்ட, வெப்பம் தாங்கும் ஒயர்தான் வேண்டும். ராடையே மாற்ற நேர்ந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், வாட், வோல்ட் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தகட்டை மூடும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மீட்டரை அதன் உச்ச ஓம் நிலையில் வைத்து, ராடு முனைக்கும் அடுப்பின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 'OL' மட்டுமே வர வேண்டும். உலோக ராடுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்திருந்தாலோ உறை வெடித்திருந்தாலோ ஏதாவது ஓர் எண் வரும். அப்படி வந்தால் அந்த அடுப்பைப் பிளக்கில் செருகாதீர்கள்; மெக்கர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.