காலாவதியான காசோலையும் மாற்றுக் காசோலை கேட்கும் முறையும்

கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கு வெள்ளையடித்தும் வர்ணம் பூசியும் ஜீவனம் நடத்தும் மேஸ்திரி ஒருவர், ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் செய்து முடித்த வேலைக்காகப் பெற்ற காசோலையை, மகளின் கலியாண அலைச்சலில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டு, ஏப்ரல் 20ஆம் தேதி வங்கியிற் கொண்டுபோய்ச் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசோலையின் தேதி 2026 ஜனவரி 9. இரண்டொரு நாளில் அது, காலாவதியானது என்று காரணம் குறித்த ஒரு துண்டுச் சீட்டுடன் திரும்பி வருகிறது. மேஸ்திரி பள்ளி அலுவலகத்துக்கு ஓடுகிறார். கணக்கர் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்.

“செக்தான் அப்பவே குடுத்துட்டோமே மேஸ்திரி? போன வருஷக் கணக்குல முடிஞ்சுபோச்சே.”

“குடுத்தீங்க ஐயா. பணம்தான் கைக்கு வரலீங்களே.”

இருவர் சொல்வதும் உண்மையே. கணக்கரின் பேரேட்டில் அத்தொகை செலவாகிவிட்டது. மேஸ்திரியின் கணக்கில் அது வரவாகவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டுவதுதான் மாற்றுக் காசோலை கேட்டு எழுதும் கடிதத்தின் காரியம். அழுது கேட்பதோ அதட்டிக் கேட்பதோ அதற்கு வேண்டியதில்லை.

முதலில் காலக்கெடுவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் நாட்டில் காசோலைக்கு வெகு காலம் ஆறு மாத ஆயுள் இருந்தது. அந்த ஆறு மாதமும் சிலர் காசோலைகளையும் வரைவோலைகளையும் ரொக்கத்தைப் போலவே கைமாற்றிச் சந்தையில் உலவவிடுகிறார்கள் என்ற விஷயம் மத்திய அரசின் மூலம் ரிசர்வ் வங்கியின் கவனத்துக்கு வந்ததன் பேரில், 2012 ஏப்ரல் 1 முதல் அந்த ஆயுள் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. மூன்று மாதம் என்பது காசோலையில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து எண்ணப்படுவதேயன்றி, அது நம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. நாட்களைக் கூட்டித் தொண்ணூறு என்று பார்ப்பதுமில்லை, நாட்காட்டி மாதங்களே கணக்கு. மேஸ்திரியின் காசோலைக்கு ஏப்ரல் 9ஆம் தேதியோடு ஆயுள் முடிந்துவிட்டது. முடிந்தது என்று தெரிந்த பிறகும் எதற்கும் போட்டுப் பார்ப்போமே என்று அதை வங்கியிற் செலுத்துவது வீண். திரும்பி வரும் காசோலைக்குச் சில வங்கிகள் கட்டணமும் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் காசோலைக்கு ஆயுள் முடிந்ததென்றால் கடனுக்கும் ஆயுள் முடிந்ததென்று பலர் அஞ்சுகிறார்களே, அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. செலாவணி முறிச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. காசோலையை உரிய காலத்துக்குள் வங்கியிற் காட்டாமல் ஒருவர் தாமதித்து, அந்தத் தாமதத்தினாலேயே எழுதிக் கொடுத்தவருக்கு மெய்யாக நஷ்டம் உண்டானால், அந்த நஷ்டத்தின் அளவுக்கு மட்டுமே அவர் பொறுப்பிலிருந்து விடுபடுவார். காசோலை செலுத்தப்பட்டிருக்கவேண்டிய வேளையில் கணக்கில் பணமிருந்து, மேஸ்திரி தாமதித்த இடைவேளையில் அந்த வங்கியே முழுகிப்போயிருந்தால்தான் அப்படிப்பட்ட வாதத்துக்கு இடமுண்டு. வங்கி நிலைத்திருக்க, பள்ளியின் பணமும் அதன் கணக்கிலேயே பத்திரமாயிருக்க, நிர்வாகத்துக்கு நஷ்டம் ஏது? ஆகவே மேஸ்திரி கேட்பது தயவையன்று, தம் பாக்கியை.

இனிக் கடிதத்துக்கு வருவோம். அதைப் படிக்கப்போகிறவர் நிர்வாகியாயினும், அதை வைத்துக்கொண்டு தேடப்போகிறவர் கணக்கர். அவருக்கு இரண்டு விஷயங்கள் ஐயமற விளங்கவேண்டும்: இந்தக் காசோலை எந்தப் பில்லுக்காகக் கொடுக்கப்பட்டது, இது வங்கியிற் பணமாக்கப்படவே இல்லையா. இவற்றுக்கு விடை தரும் விவரங்கள் யாவும் அந்தப் பழைய காசோலையின் முகத்திலேயே இருக்கின்றன. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும். அடியில் காந்த மையில் அச்சிட்டிருக்கும் எண் வரிசையில் முதலில் நிற்கும் ஆறு இலக்கமே காசோலை எண். அதை அடுத்த ஒன்பது இலக்கம் ஊரையும் வங்கியையும் கிளையையும் குறிப்பது. இரண்டையும் மாற்றி எழுதிவிடுவோர் உண்டு. காசோலை எண்ணில் முன்னே நிற்கும் பூஜ்யங்களையும் விடக்கூடாது. தேதியில் மாதத்தைப் பெயராலேயே எழுதுவது நலம். 9-1 என்று எழுதினால் அதை 1-9 என்று படிக்கிறவர் எங்கேனும் ஒருவர் இருந்தே தீருவார்.

மேஸ்திரியின் கடிதம் பின்வருமாறு அமையலாம்:

“ஐயா, வணக்கம். தங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு வர்ணம் பூசிய வேலைக்காக 2025 டிசம்பர் 26ஆம் தேதியிட்ட எனது 17ஆம் எண் பில் தொகை ரூ.80,000-இல், வருமான வரியாக ரூ.800 பிடித்தம் போக, ரூ.79,200-க்கு எனது பெயரில் தாங்கள் வழங்கிய 004217 எண்ணுள்ள, 2026 ஜனவரி 9 தேதியிட்ட காசோலையை உரிய காலத்தில் செலுத்தத் தவறிவிட்டேன். அது காலாவதியானதென்று வங்கி திருப்பியுள்ளது. இத்தொகையை நான் வேறு எவ்வகையிலும் பெறவில்லை. மூலக் காசோலையையும் வங்கியின் சீட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அதே தொகைக்கு மாற்றுக் காசோலை வழங்கவோ, கீழ்க்கண்ட எனது வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தவோ வேண்டுகிறேன்.”

காசோலை வரையப்பட்ட வங்கியின் பெயரும் கிளையும் இதனுடன் சேரவேண்டும். நேரடியாகச் செலுத்தக் கேட்டால் தம் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் எழுதி, அவற்றுக்கு அத்தாட்சியாகக் குறுக்கே கோடிட்டு ரத்து செய்த தம் காசோலைத் தாள் ஒன்றையும் இணைப்பது வழக்கம். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் மூலக் காசோலையைக் கையைவிட்டுக் கொடுப்பது புத்திசாலித்தனமாகாது. அதற்கு முன்பே அதன் இருபுறமும் பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். காசோலை தொலைந்துபோயிருந்தாலோ கதை வேறு: அதை வேறு யாரும் பணமாக்கினால் தாம் ஈடு செய்வதாக முத்திரைத் தாளில் உறுதிப்பத்திரம் கேட்பார்கள், மூலக் காசோலை கையிலிருப்பவருக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

மேலே காட்டிய ரூ.800 சிறு தொகைதான் என்றாலும், இந்த விவகாரத்தில் மிகுந்த குழப்பத்தை விளைவிப்பது அதுவே. பழைய காசோலையைக் கொடுத்தபோது நிர்வாகம் தனிநபர் ஒப்பந்ததாரருக்குரிய 1 விழுக்காட்டு வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தியும் முடித்திருக்கும். அது வருமான வரித் துறையின் இணையதளத்தில் மேஸ்திரியின் பான் எண்ணில் வரவாகியுமிருக்கும். மாற்றுக் காசோலையைப் புதிய பட்டுவாடாவாகப் பாவித்து, ரூ.79,200-இல் மறுபடியும் வரி பிடித்துவிட்டால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை பிடித்தமாகிவிடும். கணக்கர் செய்யவேண்டியது அதுவன்று. பழைய காசோலைப் பதிவை எதிர்ப்பதிவால் ரத்து செய்து, அதே ரூ.79,200-ஐ மேஸ்திரிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியாகத் திரும்பவும் நிறுத்தி, அந்தப் பாக்கியைத் தீர்க்கவே புதிய காசோலையை எழுதவேண்டும். முந்தின ஆண்டுக் கணக்கு மார்ச் 31-இல் மூடப்பட்டதென்பது இதற்குத் தடையாகாது. எதிர்ப்பதிவை நடப்பு ஆண்டிலேயே போடலாம். பேரேட்டையும் வங்கிப் பட்டியலையும் மாதந்தோறும் ஒத்துப் பார்க்கும் அலுவலகமாயிருந்தால், வழங்கியும் பணமாகாத காசோலைகளின் வரிசையில் 004217 இருப்பது மேஸ்திரி வருமுன்பே தெரிந்திருக்கும். மேஸ்திரியின் பக்கம் நின்று சொல்வதானால், வரவில் தெரியும் அந்த ரூ.800-ஏ அவருடைய நல்ல சாட்சி. இன்ன தொகை இவருக்குரியது என்று நிர்வாகமே அரசிடம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

தேதியை மட்டும் திருத்தி அதே காசோலையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். காசோலையின் பிம்பத்தை அனுப்பித் தீர்வு காணும் இன்றைய முறையில், பெயரையோ தொகையையோ திருத்த இடமில்லை. தேதியைப் புதுப்பிக்கும் திருத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் எழுதிக் கொடுத்தவரே திருத்திக் கையொப்பமிடவேண்டும். இருவர் கையொப்பமிடும் கணக்கானால் இருவரும். இருந்தும் திருத்தம் கண்ட காசோலையை வங்கிகள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதால், புதிய காசோலையே சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். பெற்றவர் தாமே தேதியைத் திருத்துவதோ முற்றிலும் விபரீதம். அத்தகைய மாற்றம் காசோலையையே செல்லாததாக்கும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 87ஆம் பிரிவு கூறுகிறது. மோசடிக் குற்றச்சாட்டுக்கும் அது வழி திறந்துவிடும்.

நிர்வாகம் பதிலே சொல்லாமல் நாட்களைக் கடத்தினால்? பணமின்றித் திரும்பிய காசோலைக்கு 138ஆம் பிரிவில் குற்ற வழக்குத் தொடுப்பார்களே, அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. ஆயுளுக்குள் வங்கியிற் காட்டிய காசோலைக்கே அப்பிரிவு பொருந்தும். எஞ்சியிருப்பது பாக்கிக்கான சிவில் வழக்கு. செய்த வேலைக்குரிய கூலிக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அதற்குக் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள், பாக்கி உண்டென்று நிர்வாகம் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால், வரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாய்த் தொடங்கும். ஆகையால் நேரில் போய்ப் பேசிவிட்டு வருவதோடு நில்லாமல், எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குவதற்குத் தனி மதிப்பு உண்டு. “பரிசீலனையில் இருக்கிறது” என்ற மழுப்பல் வரியால் பயனில்லை, “தங்களுக்குரிய ரூ.79,200-க்கு மாற்றுக் காசோலை வழங்கப்படும்” என்று கையொப்பத்துடன் வரும் வரியே பயன்படும்.

மாற்றுக் காசோலை கைக்கு வந்ததும், அதில் பழைய ஜனவரித் தேதி பழக்கத்தால் மறுபடி எழுதப்பட்டிருக்கவில்லையே, தொகை ரூ.79,200-ஆகவே இருக்கிறதே என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மூன்று மாதமே ஆயுள். அன்று மாலைக்குள் வங்கியிற் செலுத்தி, செலான் அடிக்கட்டையைப் பணம் வரவாகும் வரை வைத்திருங்கள்.