இருப்புச் சான்றிதழ்: ஒரு நாள் கணக்கா, 28 நாள் கணக்கா?

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வீடுகளில் கடைசி வாரத்தில்தான் வங்கியின் நினைப்பு வரும். பாஸ்போர்ட் தயார், கல்லூரிக் கடிதம் வந்துவிட்டது, ஏஜெண்ட் தொலைபேசியில் சொல்கிறார்: “பேங்க் பேலன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க.” அப்பா கிளைக்குப் போகிறார், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். மறுநாள் முத்திரை குத்திய ஒரு தாள் கைக்கு வருகிறது. ‘இந்தத் தேதியில் இவர் கணக்கில் இவ்வளவு ரூபாய் இருப்பு உள்ளது’ என்று இரண்டே வரி. தாளில் பிழை எதுவும் இல்லை, ஆனால் விசா அதிகாரி கேட்பது அதுவாக இருக்காது.

ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு பணம் இருந்தது என்பதை மட்டுமே சாதாரண இருப்புச் சான்றிதழ் சொல்லும். வருமானவரி வேலைக்கும் சில கல்லூரிகளின் சேர்க்கைக்கும் அது போதும். பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் போதாது. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

திண்டுக்கல்லில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் மகளுக்கு லீட்ஸ் நகரத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி அனுப்பும் சேர்க்கை உறுதி ஆவணத்தை மாணவர்கள் ‘காஸ்’ என்பார்கள். அதில் மொத்தக் கட்டணம் 22,000 பவுண்டு, ஏற்கெனவே கட்டியது 6,000 பவுண்டு என்று இருக்கிறது. மீதி 16,000. இதோடு வாழ்க்கைச் செலவைச் சேர்க்க வேண்டும். லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு மாதம் 1,171 பவுண்டு என்று 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு உயர்த்தியது. லண்டன் என்றால் 1,529. அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. ஆக மொத்தம் காட்ட வேண்டியது 26,539 பவுண்டு.

கணக்கில் இருப்பதோ ரூபாய். ஒரு பவுண்டு 118 ரூபாய் என்று கொண்டால் 31 லட்சத்து 32 ஆயிரம் வருகிறது. அதே பவுண்டு 122 ரூபாய்க்கு ஏறிவிட்டால் 32 லட்சத்து 38 ஆயிரம். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் OANDA தளத்தில் என்ன மாற்று விகிதமோ அதை வைத்துத்தான் பிரிட்டன் அதிகாரிகள் கணக்குப் போடுகிறார்கள். வங்கி தன் சான்றிதழில் எழுதித் தரும் பவுண்டு மதிப்பு படிப்பவருக்கு வசதி, அவ்வளவுதான். கச்சிதமாக 31.32 லட்சம் வைத்திருப்பவர் விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலே மாட்டிக்கொள்வார். 33 லட்சம் வைத்திருப்பதே விவேகம்.

இனி நாள் கணக்கு. சான்றிதழின் தேதி ஜூலை 15 என்றால், அதிலிருந்து பின்னோக்கி 28 நாட்கள் எண்ண வேண்டும். ஜூன் 18 முதல் ஜூலை 15 வரை ஒரு நாள்கூட இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. அந்தக் கடைசித் தேதியிலிருந்து 31 நாட்களுக்குள், அதாவது ஆகஸ்ட் 15க்குள், விசா விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட வேண்டும். தாண்டினால் புதுச் சான்றிதழ்தான்.

பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இங்கேதான். ஆசிரியரின் கணக்கில் ஜூலை முதல் தேதி 31 லட்சத்து 60 ஆயிரம் இருக்கிறது. ஜூலை 2 அன்று வீட்டுக்கடன் தவணை 38,000 ரூபாய் தானாகவே பிடிக்கப்படுகிறது. இருப்பு 31 லட்சத்து 22 ஆயிரம் ஆகிறது. மறுநாள் காலை மனைவியின் கணக்கிலிருந்து 50,000 ரூபாய் மாற்றிச் சரிசெய்துவிடுகிறார். வீட்டில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் ஜூலை 2ஆம் தேதி இரவு இருப்பு 31.32 லட்சத்துக்குக் கீழே இருந்தது. அதனால் 28 நாள் எண்ணிக்கை முறிந்து, ஜூலை 3 முதல் மறுபடி தொடங்குகிறது. ஜூலை 30க்குப் பிறகுதான் அவர் சான்றிதழ் வாங்கலாம். ஜூலை 15 அன்றே வாங்கி விண்ணப்பித்திருந்தால் மறுப்புக் கடிதம் வந்திருக்கும், கட்டிய விசாக் கட்டணமும் போயிருக்கும். தவணை, காப்பீட்டு பிரீமியம், எஸ்.ஐ.பி. என்று தானாகப் பிடிக்கப்படும் எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்துக்கு வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. அல்லது படிப்புப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதனால் கிளை மேலாளருக்கு எழுதும் விண்ணப்பத்தில் “இருப்புச் சான்றிதழ் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: “என் மகளின் பிரிட்டன் மாணவர் விசா விண்ணப்பத்துக்காக, என் சேமிப்புக் கணக்கில் ஜூன் 18 முதல் ஜூலை 15 வரை இருப்பு 33 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தது என்பதை உறுதிசெய்து, வங்கியின் முகப்புத்தாளில் ஆங்கிலத்தில் சான்றிதழ் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” சில கிளைகள் தங்கள் கணினியில் இருக்கும் படிவத்தைத் தவிர வேறு எதுவும் தர மாட்டோம் என்பார்கள். அதற்காக வாதாடத் தேவையில்லை. அந்தப் படிவச் சான்றிதழோடு, அதே 28 நாட்களுக்கான கணக்கு அறிக்கையையும் முத்திரையுடன் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. சான்றிதழுக்கு வங்கிக்கு வங்கி கட்டணம் மாறும், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

சான்றிதழில் என்னென்ன இருக்க வேண்டும்? வங்கியின் பெயரும் இலச்சினையும், வழங்கிய தேதி, கணக்குதாரரின் முழுப்பெயர், கணக்கு எண், இருப்புத் தொகை ஆகியவற்றை விசா விதியே கேட்கிறது. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவது, கணக்கு எந்த வகை, எப்போது தொடங்கியது, கூட்டுக் கணக்கு என்றால் மற்றவர் பெயர், பணத்தின்மேல் அடமானம் எதுவும் இல்லை என்ற ஒரு வரி ஆகியவை விதியில் இல்லாவிட்டாலும் இருப்பது நல்லது. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயர், பதவி, கிளையின் தொலைபேசி எண், வங்கியின் மின்னஞ்சல் முகவரி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். விசா அலுவலகம் சந்தேகப்பட்டால் வங்கியைத் தொடர்புகொண்டு சரிபார்க்கும். படிக்க முடியாத முத்திரையும் பெயரில்லாத கையெழுத்தும் அந்த நேரத்தில் காலை வாரிவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். வங்கிக் கணக்கில் ‘எஸ். முருகேசன்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘முருகேசன் சுப்பையா’ என்று போட்டிருப்பார்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் வெறும் ‘முருகேசன்’. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், லண்டனில் கோப்பைத் திறப்பவருக்குத் தெரியாது. பெற்றோர் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டினால், உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்ற பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதமும் கட்டாயம். அதனால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, பான் அட்டை அல்லது பாஸ்போர்ட்டைக் காட்டி வங்கியில் பெயரை விரித்துப் பதிந்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. இன்னொன்று, பிரிட்டன் விதியில் அம்மா, அப்பா அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்குதான் செல்லும். மாமா, அண்ணன், சித்தப்பா கணக்கில் கோடி இருந்தாலும் பலனில்லை. அவர் உதவ நினைத்தால் பணத்தை அப்பாவின் கணக்குக்கு மாற்றட்டும். 28 நாட்கள் அந்த நாளிலிருந்து தொடங்கும்.

வைப்புநிதியைக் காட்டலாம். அதற்கான சான்றிதழில் வைப்பு எண், அசல், முதிர்வுத் தேதி ஆகியவற்றோடு, எப்போது வேண்டுமானாலும் உடைத்துப் பணமாக்கலாம் என்ற வரியும் இருந்தால் கேள்வி எழாது. வரிச்சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு வைப்பு மட்டும் உதவாது, அதை இடையில் உடைக்க முடியாது. வைப்பின்மேல் கடன் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பங்குகள், நிலம், நகை, முடியாத சீட்டு எதையும் பணமாக எண்ண மாட்டார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் கணக்கில் ஏறி 28 நாட்கள் இருந்தால் அது பணம்தான், ஆனால் அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், திடீரென்று வந்த பெருந்தொகைக்குக் கணக்குக் கேட்கலாம். மாணவர் பெயரில் வங்கி அனுமதித்த கல்விக்கடனுக்கு இந்த 28 நாள் நிபந்தனை இல்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்ட அனுமதிக் கடிதம் போதும்.

மற்ற நாடுகளுக்கு இதே தாளைக் கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் கல்லூரி ஐ-20 படிவம் தரும் முன்பே முதலாண்டுச் செலவுக்கு ஈடான பணத்தைக் காட்டச் சொல்லும், டாலர் மதிப்போடு வங்கிக் கடிதம் அங்கே பழக்கம். ஜெர்மனிக்குப் பெரும்பாலும் நம் ஊர் இருப்புச் சான்றிதழே தேவைப்படாது. முடக்கக் கணக்கு ஒன்றில் மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட வேண்டும் என்று 2024 செப்டம்பரிலிருந்து விதி.

சில ஏஜெண்டுகள் இன்னொரு வழியும் சொல்வார்கள்: “பணம் காட்ட நாங்க ஏற்பாடு பண்றோம், சர்டிபிகேட்டும் நாங்களே தர்றோம்.” அந்தப் பக்கமே போகக் கூடாது. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் விசா மறுக்கப்படுவதோடு நிற்காது, பிரிட்டனுக்குள் பத்து ஆண்டுகள் வரத் தடையும் விழும். அந்தத் தடை ஏஜெண்டின் பெயரில் அல்ல, பிள்ளையின் பெயரில் விழும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன் அங்கேயே நின்று ஒருமுறை படியுங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா, கணக்கு எண்ணில் ஓர் இலக்கமும் விடுபடவில்லையா, தேதி சரியா, தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா என்று பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள்.