நாற்பதில் ஒருவர்

2009-இல் ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டி மத்திய அரசு நடத்திய போட்டியில் ஜெயித்தவர் நம் ஊர்க்காரர் உதயகுமார். பரிசு இரண்டரை லட்சம். வந்து குவிந்தவையோ 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள். பரிசை அத்தனைக்கும் பங்கு போட்டால் தலைக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. ஜெயித்தவர் பெயர் நமக்கு நினைவிருக்கிறது, மற்றவர்கள் செலவழித்த இரவுகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

99designs போன்ற தளங்களில் இதே கதைதான் சின்ன அளவில் தினமும் நடக்கிறது. ஒரு பேக்கரிக்கு லோகோ வேண்டும், பரிசு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது டிசைனர்கள் இறங்குகிறார்கள். நீங்கள் ஆறு மணி நேரம் உழைக்கிறீர்கள். பிரஸ்ஸில் உட்கார்ந்து விசிட்டிங் கார்டு போட்டிருந்தால் மணிக்கு 300 ரூபாய் வந்திருக்கும், அப்படிப் பார்த்தால் உங்கள் முதலீடு 1,800. கைக்காசு போகாமல் இருக்க எட்டுப் போட்டிக்கு ஒன்றாவது ஜெயிக்க வேண்டும். இருக்கும் வாய்ப்போ நாற்பதில் ஒன்று. அதுவும் எல்லோருக்கும் சமமாக இல்லை. பழைய வெற்றிகளைப் பக்கத்தில் காட்டும் கைகளுக்கே கிளையன்டின் கண் முதலில் போகும்.

அதே பேக்கரிக்கு ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தால்? முதலீடு 300. ஐம்பது போட்டிக்கு ஒன்று ஜெயித்தாலே அசல் வந்துவிடும். ஒரே போட்டி, ஒரே பரிசு. நீங்கள் கொட்டும் நேரம்தான் கணக்கை மாற்றுகிறது. தேறியவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். முதல் சுற்றுக்கு ஒரே ஒரு யோசனை, கறுப்பு வெள்ளையில். இறுதிச் சுற்றுக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து அதில் நீங்களும் இருந்தால், அப்போது இன்னும் ஐந்து மணி நேரம் போடலாம். ஆறில் ஒரு வாய்ப்புக்கு 1,500 ரூபாய் நேரம் கட்டும்.

இறங்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். பரிசு உறுதி என்ற குறி இல்லாவிட்டால், கிளையன்ட் எதுவும் பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட முடியும். வந்த வடிவங்களுக்கு அவர் நட்சத்திரமும் கருத்தும் போட்டிருக்கிறாரா? மூன்று நாள் மௌனமாக இருப்பவருக்கு உழைப்பது இருட்டில் அம்பு விடுவதுதான். மற்றவர் வடிவம் தெரியாத மறைவுப் போட்டியாக இருந்தால் நல்லது. திறந்த போட்டியில் உங்கள் ரொட்டி வடிவக் கோதுமைக் கதிருக்கு நான்கு நட்சத்திரம் விழுந்த மறுநாள், ஐந்து பேர் கதிர் வரைந்திருப்பார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வந்து, காட்ட வேலையே இல்லாதவருக்கு இன்னொரு லாபம் உண்டு. தோற்ற வடிவம் பெரும்பாலான தளங்களில் வரைந்தவருக்கே சொந்தம். பேக்கரியின் பெயரை அழித்துவிட்டு, அந்தக் கதிரை அடுத்த தெரு மாவு மில்காரரிடம் காட்டலாம். விதிமுறையில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள். அனுப்பியதெல்லாம் எங்களுக்கே என்று எழுதியிருந்தால், அந்த ஒரு மணி நேரம்கூட அதிகம்.