எழுதாமல் விட்ட ஒன்று

கணினியிடம் 0.1 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு, உள்ளே வைத்திருப்பதை அப்படியே காட்டச் சொன்னால், 0.100000001490116119384765625 என்று காட்டும். கணினி பழுதாகவில்லை. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்: 0 அல்லது 1 மட்டும் நிரப்பக்கூடிய 32 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிட். சி மொழியில் `float` என்று எழுதினால் பெரும்பாலும் கிடைப்பது இந்த 32 பிட்தான். இதற்கு ஒற்றைத் துல்லியம் என்று பெயர்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண்களை எழுதிவைத்தது. ஒரே கணக்கு இரண்டு கணினிகளில் இரண்டு விடை தந்தது. 1985இல் வந்த IEEE 754 என்ற தரநிலை அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதில் முன்னின்றவர் வில்லியம் கஹான். 1989ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

சிக்கல் இல்லாத எண் ஒன்றில் தொடங்குவோம்: −6.75. இரும முறையில் 6 என்பது 110, முக்கால் என்பது.11 (அரையும் காலும்). சேர்த்தால் 110.11. இனி புள்ளியை இடப்பக்கம் நகர்த்தி, அதற்கு முன்னால் ஒரே ஒரு 1 மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும். இரண்டு இடம் நகர்த்தினால் 1.1011 × 2² ஆகிறது.

இப்போது கட்டங்களை நிரப்பலாம். முதல் கட்டம் குறிக்கு. எதிர்ம எண் என்பதால் 1. அடுத்த எட்டு கட்டங்கள் அடுக்குக்கு. அடுக்கு எதிர்மமாகவும் வரலாம் என்பதால் எப்போதும் 127ஐக் கூட்டியே எழுதுவார்கள்: 2 + 127 = 129, அதாவது 10000001. மீதி 23 கட்டங்களில் புள்ளிக்குப் பின்னால் உள்ள 1011ஐ எழுதி, எஞ்சியதைச் சுழியத்தால் நிரப்ப வேண்டும்.

```
1 10000001 10110000000000000000000
```

புள்ளிக்கு முன்னால் நின்ற 1 எங்கே? எழுதவில்லை. எப்படியும் அங்கே 1தான் இருக்கப்போகிறது, அதற்கு எதற்கு ஒரு கட்டம்? இந்தச் சிக்கனத்தால் 23 கட்டங்களில் 24 பிட் துல்லியம் கிடைக்கிறது. திரும்பப் படிக்கும்போது அந்த 1ஐ நாமே போட்டுக்கொள்கிறோம்.

0.1 இவ்வளவு எளிதில் மடங்காது. அது 1.6 × 2⁻⁴. அடுக்கு −4 + 127 = 123. மிச்சமுள்ள 0.6ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 1.2, 0.4, 0.8, 1.6 என்று வரும். ஒவ்வொரு முறையும் முழு எண் பகுதியை மட்டும் எடுத்துவைத்தால் 1, 0, 0, 1. கையில் மறுபடி அதே 0.6. ஆக 1001 என்பது முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். 23 கட்டங்களோடு வெட்டியாக வேண்டும். வெட்டிய துண்டு கடைசிக் கட்டத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் இருப்பதால், அந்தக் கட்டம் மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது.

```
0 01111011 10011001100110011001101
```

இதைப் படித்துப் பாருங்கள்: 123 − 127 = −4; விட்டுப்போன 1ஐச் சேர்த்தால் 1.6ஐவிடத் துளி அதிகம். அதை 16ஆல் வகுத்தால் முதலில் பார்த்த நீண்ட எண். ஏறத்தாழ ஏழு தசம இலக்கம்வரை நம்பலாம் என்பது இதனால்தான்.

அந்த எழுதாத 1 ஓர் இக்கட்டையும் உண்டாக்குகிறது. எல்லா எண்ணுக்கும் முன்னால் 1 ஒளிந்திருந்தால் சுழியத்தை எப்படி எழுதுவது? அதற்காகவே அடுக்கின் எட்டு கட்டங்களும் 0 ஆக உள்ள நிலையைச் சாதாரண எண்களுக்குத் தராமல் ஒதுக்கினார்கள். அங்கே ஒளிந்த 1 கிடையாது. பின்னக் கட்டங்களும் 0 என்றால் அது சுழியம். இல்லையென்றால் மிக மிகச் சிறிய எண். குறிக் கட்டம் தனியே இருப்பதால் +0, −0 என்று இரண்டு சுழியங்கள்! ஒப்பிட்டால் இரண்டும் சமம். ஆனால் 1ஐ அவற்றால் வகுத்தால் ஒன்று +முடிவிலி, மற்றது −முடிவிலி.

முடிவிலி இருப்பது மறு கோடியில். அடுக்கு முழுவதும் 1 (அதாவது 255), பின்னம் முழுவதும் 0. ஏறத்தாழ 3.4 × 10³⁸ஐக் கணக்கு தாண்டினால் இங்கே வந்து நிற்கும். அதே 255இல் பின்னத்தில் ஒரு 1 இருந்தாலும் அது எண்ணே அல்ல. திரையில் `nan` என்று தெரியும். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும், முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தாலும் பிறப்பது இதுதான். பொல்லாத விருந்தாளி: நூறு அளவீடுகளில் ஒன்று இப்படி ஆனாலும் மொத்தச் சராசரியும் `nan`.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இது தனக்குத் தானேகூடச் சமம் அல்ல.

```c
if (x != x) puts("nan");
```

ஆனால் ஜிசிசி போன்ற தொகுப்பிகளில் வேகத்துக்காக `-ffast-math` போட்டுத் தொகுத்தால், `nan` வரவே வராது என்று வைத்துக்கொண்டு, இந்தச் சோதனையை அது சத்தமில்லாமல் நீக்கிவிடக்கூடும்.