நாற்பது வியாசங்களும் ஒரே முகமும்

காரைக்காலில் ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிக்ஷாடன மூர்த்தி வீதி உலா வரும்போது, மாடிகளில் நிற்பவர்கள் கூடை கூடையாக மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் முண்டியடித்துக்கொண்டு பிடிக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரின் வரலாற்றில் வரும் மாங்கனியின் ஞாபகார்த்தமான விழா இது.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஓர் உபாத்தியாயர் தம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும், "எங்கள் ஊர்த் திருவிழா" என்று ஒரு வியாசம் எழுதிவரச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். மாம்பழ வாசனை வீச வேண்டுமல்லவா? ஆனால் நோட்டுப் புத்தகங்களைப் பிரித்தால் ராட்டினமும், பலூனும், வளையற் கடையுந்தான் வருகின்றன. கோயிலைப் பற்றிய பழமொழியில் தொடங்கி, "திருவிழாக்கள் ஒற்றுமையை வளர்க்கின்றன" என்று முடிகின்றன. முதல் வியாசத்தைப் படித்தபோது "பரவாயில்லை" என்று தோன்றியது. முப்பதாவதைப் படிக்கும்போது தலை சுற்றுகிறது. இது திருட்டா, சோம்பலா, அல்லது வேறு ஏதாவதா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை நோட்டுப் புத்தகத்தில் விடை கிடையாது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும். அதற்கு முன் உபாத்தியாயர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒப்பிடுவதற்கு முன்னரே ஒவ்வொரு வியாசத்துக்கும் தனித்தனியே மார்க்குப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், அடுக்கில் கடைசியாக இருக்கும் பிள்ளைக்கு அநியாயம் நேரும். அவன் எழுதியது முதலாவது வியாசத்தைவிட மோசமல்ல. திருத்துகிறவருக்கு அலுத்துப் போனதுதான் அவன் செய்த குற்றம். அடுக்கைத் தலைகீழாகப் புரட்டி இன்னொரு முறை பார்த்தால், இந்த அலுப்பு எத்தனை மார்க்குகளைத் தின்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு ஒரு பெரிய காகிதத்தில் கட்டம் போட வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு மாணவன். தொடக்கம், கருத்துக்களின் வரிசை, உதாரணங்கள், பிழைகள், முடிவு என்று ஐந்து பத்திகள். இதை நிரப்பியதும் முதலில் செய்ய வேண்டியது அடிப்பது. எதை அடிப்பது? உபாத்தியாயர் தாமே கொடுத்ததை! காரைக்கால் பள்ளிகள் நீண்ட காலம் பின்பற்றி வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில், கட்டுரைக் கேள்வியோடு குறிப்புகளையும் கொடுப்பது வழக்கம். முன்னுரை, நடுவே நாலைந்து தலைப்புகள், முடிவுரை. அச்சைக் கொடுத்துவிட்டு, கொழுக்கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று கோபிப்பது நியாயமாகுமா? கேள்வித்தாளும், பாடப் புத்தகமும், வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் தந்தவற்றையெல்லாம் அடித்துவிட்டால், அமைப்பில் காணும் ஒற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடும்.

மிஞ்சுவது உதாரணங்களும் பிழைகளும். இவற்றுள் உதாரணங்களை எண்ண வேண்டும். ராட்டினம் நாற்பதில் முப்பத்திரண்டு பேரிடம் இருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. எல்லார் மனத்திலும் முதலில் வந்து நிற்கும் உதாரணம் அது, அவ்வளவுதான். ஆனால் மூன்றே மூன்று பேர், "பாட்டி வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தார்" என்று எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான். மூன்று பாட்டிமார்களும் ஒரே நாளில் கொலுசு வாங்குவது அபூர்வம்!

உதாரணங்களைவிடப் பிழைகள் பலமான சாட்சி. ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கிப் பதிப்பிப்பவர்கள் இந்தச் சூட்சுமத்தை நன்றாக அறிவார்கள். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தைக் கொண்டிருப்பதனால் அவை உறவென்று சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால், இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று என்று ஊகிக்கலாம். அதுபோலவே, மாங்கனித் திருவிழா ஆனியில் நடப்பதாக இருபது பேர் எழுதினால் அதில் ஒன்றுமில்லை, அது உண்மை. ஐந்து பேர் அதைச் சித்திரைக்கு மாற்றியிருந்தால், அந்த ஐவருக்கும் தாய் ஏடு ஒன்று எங்கேயோ இருக்கிறது. அது ஒரு நண்பனின் நோட்டாக இருக்கலாம்; கடையில் விற்கும் உரை நூலாகவும் இருக்கலாம்.

இக்காலத்தில் தாய் ஏடு வேறொரு ரூபத்திலும் வருகிறது. கேட்டதும் வியாசம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வார்த்தைகளை மாற்றிக் கொடுக்கிறது. எலும்புக் கூட்டை மட்டும் அநேகமாக மாற்றுவதில்லை. ஆகையால் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பவர் ஏமாந்து போவார். 2024-ல் "சயன்ஸ் அட்வான்ஸஸ்" என்ற சஞ்சிகையில் வெளியான ஒரு சோதனையில், யந்திரம் தந்த யோசனையைப் பெற்றுக் கதை எழுதியவர்களின் கதைகள், தனித்தனியே பார்க்கும்போது மேலானவை என்று மதிப்பிடப்பட்டன. ஆனால் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றுக்கொன்று அதிகமாக ஒத்திருந்தன.

அப்படியானால் யந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு யந்திரத்தை வைத்துக்கொண்டால் என்ன? ஆபத்து! 2023-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய துப்பறியும் கருவிகள் ஏழினைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் பரீட்சையில் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை, யந்திரம் எழுதியவை என்று அவை சராசரியாகச் சொல்லிவிட்டன. எளிய சொற்களையே திரும்பத் திரும்ப வழங்குவது அந்த எழுத்தின் இயல்பு. அதையே கருவிகள் குற்றமாகக் கொண்டன. சொல்வளம் குறைந்த நம் பிள்ளையும் பொதுவாகத்தான் எழுதுவான். ஆகவே, பொதுவாக எழுதியிருப்பது ஒன்றை மட்டும் கொண்டு ஒரு குழந்தையைத் திருடன் என்று சொல்லலாகாது.

பொதுமையை அளக்க உபாத்தியாயரிடம் செலவில்லாத உரைகல் ஒன்று இருக்கிறது. வியாசத்தில் "காரைக்கால்" என்று வரும் இடங்களிலெல்லாம் "காரைக்குடி" என்று மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியமாவது தடுக்கி விழுகிறதா? விழாவிட்டால் அந்த வியாசம் எந்த ஊரையும் பற்றியதன்று. இது எழுத்தின் குறையைக் காட்டும். எழுதியவன் யார் என்பதைக் காட்டாது.

அதை அறிவதற்குப் பிள்ளையிடமே பேச வேண்டும். கட்டத்தில் சந்தேகம் விழுந்தவர்களைத் தனியே அழைத்து, குற்றம் சாட்டாமல், "சித்திரையில் நடப்பதாக எங்கே படித்தாய், தம்பி?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு நிமிஷத்தில் விஷயம் வெளிவந்துவிடும். எழுதியவன், எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்வான். எழுதாதவனால் எழுதியதையே சொல்ல முடியாது.

கட்டம் கடைசியாக உபாத்தியாயருக்கும் ஒரு தீர்ப்புச் சொல்கிறது. நாற்பதில் நான்கு பேர் ஒத்திருந்தால் குறை அந்த நால்வரிடம் இருக்கலாம். முப்பத்தாறு பேர் ஒத்திருந்தால் கேள்வியைத் திருத்த வேண்டும். "எங்கள் ஊர்த் திருவிழா" என்பதற்குப் பதிலாக, "மாம்பழம் இறைக்கும் அன்று நீ எந்த வீதியில், யாரோடு நின்றாய்? உன் கைக்குப் பழம் வந்ததா? வராவிட்டால் யார் பிடித்துக்கொண்டார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். குறிப்புச் சட்டகம் இல்லாமலே பிள்ளைகள் எழுதத் தொடங்குவார்கள். பலூன் பறந்து போய்விடும்; பழம் கிடைக்காத பிள்ளையின் கோபம் நோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.