கம்பியில சுத்துற கறியில எது வெந்தது?

2022 மே முதல் வாரம் நம்ம மாவட்டத்துல நடந்தது இது. ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மூணு பேர், கடையில ஷவர்மா சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்குன்னு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில சேர்க்கப்பட்டாங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான், மே 1 அன்னைக்கு, கேரளாவுல காசர்கோடு மாவட்டம் செறுவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்ட 16 வயசுப் பொண்ணு இறந்து போயிருந்தா. அங்க சிகிச்சைக்கு வந்தவங்க மாதிரிகள்ல ஷிகெல்லா கிருமி இருந்துச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல நாமக்கல்லிலும் 14 வயசுச் சிறுமி ஒருத்தி இதே மாதிரி இறந்தா.

ஷவர்மா நம்ம தட்பவெப்பத்துக்கு ஏத்த உணவு இல்லை, தவிர்த்துடுங்கன்னு அப்போ தமிழக சுகாதாரத்துறை அமைச்சரே சொன்னார். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஷவர்மா சக்கைப்போடு போடுற துபாய் தஞ்சாவூரை விடக் குளிர்ச்சியான ஊர் ஒண்ணும் இல்லையே. சிக்கல் எங்க இருக்குன்னு தெரியணும்னா வெயிலை விட்டுட்டு அந்தக் கம்பியைப் பாக்கணும். பொறியியல் படிக்கிற நமக்கு இது ரொம்ப தெரிஞ்ச கணக்கு: வெப்பக் கடத்தல்.

ஒரே கம்பி, ரெண்டு வேற வேலை

கிரில் சிக்கனும் கம்பியிலதான் சுத்துது, ஷவர்மாவும் கம்பியிலதான் சுத்துது. ஆனா கிரில் சிக்கன் முழுசா வெந்த பிறகுதான் கம்பியிலிருந்து இறங்கும். வேகற நேரமும் விக்கிற நேரமும் தனித்தனி. சீக் கபாபும் அப்படித்தான். அதோட தடிமனே மூணு சென்டிமீட்டர் சுமார்தான்.

ஷவர்மா மட்டும் வேகும்போதே விற்பனையாகுற உணவு. பெரிய கோபுரமா அடுக்கின கறியில மேல்தோல் வேகும், அதைச் சீவுவாங்க, அடுத்த தோல் தீயைப் பாக்கும். துருக்கியில இதே முறையில செய்யுறதை டோனர் கபாப்னு சொல்றாங்க. 'ஷவர்மா'ங்கிற சொல்லே 'சுத்துறது'ங்கிற அர்த்தம் உள்ள துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, எந்த நேரத்துலயும் அந்தக் கோபுரத்துல வெந்த கறி ஒரு மெல்லிய தோல்தான். உள்ள இருக்குற மொத்தமும் பச்சைக் கறி, இல்லன்னா அரைவேக்காடு. ஷவர்மா அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கு. அது தப்பு இல்ல. கத்தி அந்தத் தோலைத் தாண்டி உள்ள போறதுதான் தப்பு.

மழை விட்டு ரெண்டு நாள் வெயிலடிச்ச வயலை நினைச்சுக்கோங்க. மேல பாளம் பாளமா காஞ்சிருக்கும். காஞ்சிருச்சேன்னு கால வச்சா முழங்கால் வரைக்கும் சேறு.

தோல் எவ்வளவு தடிமன்?

இப்போ கணக்குக்கு வருவோம். கறியில வெப்பம் பரவுற வேகத்தைக் குறிக்கிற எண், அதாவது வெப்பப் பரவல் திறன் α, நொடிக்குச் சுமார் 0.135 சதுர மில்லிமீட்டர். கறி ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில வந்திருக்கு, மேற்பரப்பு 100 டிகிரியில இருக்குன்னு வச்சுப்போம். கோழிக்கறி 75 டிகிரியைத் தொட்டா சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் செத்துடும். x ஆழத்துல 75 டிகிரி வர ஆகிற நேரம் தோராயமா இது:

```
t ≈ 4.4 x² / α
```

போட்டுப் பாத்தா 3 மில்லிமீட்டர் ஆழம் வேக 5 நிமிஷம் ஆகுது. 6 மில்லிமீட்டருக்கு 20 நிமிஷம். 12 மில்லிமீட்டருக்கு 80 நிமிஷம். தீயோட வேகத்தைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். கொஞ்ச நேரம் ஓடின பிறகு உள்ள இருக்கிற கறியும் சூடாகியிருக்கும், அதனால சீக்கிரம் வேகும். ஆனா அந்த x² மாறாது. ரெண்டு மடங்கு ஆழமா சீவணும்னா நாலு மடங்கு நேரம் காத்திருக்கணும். மொத்த விஷயமும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு.

அப்போ நடுப்பகுதி? 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோபுரத்தைச் சீவாம அப்படியே விட்டாலும் நடுவுல 75 டிகிரி வர ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதே கணக்குல மூணு சென்டிமீட்டர் சீக் கபாபுக்கு ஒன்பது, பத்து நிமிஷம் போதும். கம்பி ஒண்ணுதான், தடிமன்தான் வித்தியாசம்.

ராத்திரி எட்டு மணிக் கூட்டம்

ஒரு கடையைக் கற்பனை பண்ணிக்குவோம். கோபுரம் 20 சென்டிமீட்டர் விட்டம், 30 சென்டிமீட்டர் உயரம். சுத்தி 3 மில்லிமீட்டர் தோலைச் சீவினா அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல கறி கிடைக்கும். ஒரு ரோலுக்கு 100 கிராம்னா அஞ்சு ரோல். அடுப்பு ஒரு பக்கம்தானே இருக்கு, கறி சுத்தச் சுத்த ஒவ்வொரு பக்கமும் கொஞ்ச நேரம்தான் தீயைப் பாக்கும். அதனால அந்த 5 நிமிஷத்தை 15 நிமிஷம்னு வச்சுக்கலாம். அப்போ இந்தக் கடையால நேர்மையா தரமுடிஞ்சது மணிக்கு 20 ரோல்.

ஏழு மணி வரைக்கும் இது போதும். எட்டு மணிக்கு ஹாஸ்டல் பசங்க மொத்தமா வந்து நிக்கிறாங்க, டெலிவரி ஆர்டர் வேற. இப்போ மணிக்கு 40 ரோல் வேணும். அதாவது 15 நிமிஷத் தோலை ஏழரை நிமிஷத்துல எடுக்கணும். ஆனா ஏழரை நிமிஷத்துல வேகுறது 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். மாஸ்டர் வழக்கம்போல 3 மில்லிமீட்டர் சீவுறார். ஒவ்வொரு துண்டுலயும் உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வேகாத கறி குப்பூஸுக்குள்ள போகுது. அவர் யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கல. கத்தி தீயை முந்திடுச்சு, அவ்வளவுதான்.

நேரம் ஆக ஆக இன்னொரு சிக்கல். கோபுரம் இளைச்சு 12 சென்டிமீட்டர் ஆனா அதே தோல்ல மூணு ரோல்தான் தேறும். கூட்டம் குறையாது, கறிதான் குறையும்.

கூட்டமே இல்லாத நேரத்துலயும் ஆபத்து இருக்கு. கேஸ் மிச்சம்னு தீயை அணைச்சு வச்சா கோபுரம் வெதுவெதுப்பா நிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிகள் பெருகும். சாதகமான சூட்டுல சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஆறு மணி நேரத்துல அது 18 இரட்டிப்பு. ஒண்ணு ரெண்டரை லட்சத்தைத் தாண்டிடும். அதனாலதான் மிச்சமான கோபுரத்தை ஃப்ரிட்ஜில வச்சு மறுநாள் மறுபடி ஏத்துறது ரொம்ப மோசம். ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமி விட்டுட்டுப் போன நச்சு, அப்புறம் மறுபடி சூடு பண்ணினாலும் லேசுல அழியாது.

சரியா எப்படிச் செய்யணும்?

கேரள அரசு 2022 செப்டம்பர்ல கொண்டுவந்த ஷவர்மா வழிகாட்டுதல்களைப் பாத்தா, மேல போட்ட கணக்குக்குத்தான் பதில் எழுதியிருக்காங்கன்னு புரியும். சீவின கறியை இன்னொரு தடவை வேகவைக்கணும். நாலு மணி நேரம் ஓடின பிறகு மிச்சமிருக்கிற கறியைப் பயன்படுத்தக் கூடாது. பார்சல்ல தயாரிச்ச நேரத்தை எழுதி, ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும்னு போடணும்.

இதுல முதல் விதிதான் ரொம்ப முக்கியம். சீவின துண்டை சூடான கல்லுல பரப்பி ஒண்ணு ரெண்டு நிமிஷம் புரட்டினா, 3 மில்லிமீட்டர் துண்டு ரெண்டு பக்கமும் வெந்துடும். மாஸ்டர் அவசரத்துல விட்ட அந்த ஒரு மில்லிமீட்டரையும் கல்லு சரி பண்ணிடும். ஆனா கோபுரத்துக்குக் கீழ இருக்குற தட்டுல விழுந்த கறியை அப்படியே அள்ளி ரோல் பண்ணினா, பச்சைக் கறியிலிருந்து சொட்டின சாறும் சேர்ந்து வரும்.

நீங்க எதைப் பாக்கணும்?

ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. சீவின இடத்தைக் கவனிங்க. அது ஈரமா, இளஞ்சிவப்பா தெரிஞ்சா கத்தி தோலைத் தாண்டிடுச்சு. சீவின உடனே மறுபடி அதே இடத்துல கத்தி போகுதா, இல்ல கறியைத் தீப்பக்கம் திருப்பிக் காத்திருக்காங்களான்னு பாருங்க. கல்லுல ரெண்டாவது தடவை போடலன்னா, "அண்ணா, கறியைக் கல்லுல போட்டுக் குடுங்க"ன்னு கேளுங்க. பெரும்பாலும் போட்டுத் தருவாங்க. மசாலாவும் கலர்ப்பொடியும் இருக்குறதால நிறத்தை மட்டும் முழுசா நம்ப முடியாது. அதனால கல்லுல புரட்டுறதுதான் நமக்குப் பாதுகாப்பு.

கோபுரத்தோட அளவையும் பாருங்க. கடை மூடுற நேரத்துல இன்னும் பாதி மிச்சம் இருந்தா, அது நாளைக்கு எங்க போகும்னு யோசிங்க. சின்னக் கோபுரமா வச்சு ஒன்பதரைக்கே "தீர்ந்துடுச்சு தம்பி"ன்னு சொல்ற கடைதான் நல்ல கடை.

கறி சரியா வெந்தாலே எல்லாம் சரின்னும் சொல்ல முடியாது. பச்சை முட்டையில அடிச்ச மயோனைஸை எந்தத் தீயும் தொடாது. அதனாலதான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்கு அதைத் தடை பண்ணுச்சு. பச்சைக் கறியைத் தொட்ட கை அப்படியே முட்டைக்கோஸை அள்ளினாலும் அதே கதைதான்.

சாப்பிட்ட பிறகு வயிறு கலங்கினா முதல்ல ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடிங்க. ரத்தம் கலந்து போனா, காய்ச்சல் அதிகமானா, குடிச்ச தண்ணியும் தங்கலன்னா, நீங்களா மாத்திரை போட்டுட்டு அறையில படுத்துக்காதீங்க, மருத்துவமனைக்குப் போங்க. கடையில தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சா உணவுப் பாதுகாப்புத் துறையோட வாட்ஸ்அப் எண் 94440 42322. கடைப் பெயரையும் நேரத்தையும் போட்டு ஒரு படத்தோட அனுப்புங்க.